படிப்பதற்கு முன்னால் நபீலா சொன்னது

நபீலாவைப் பற்றிச் சொல்ல அவளுடைய கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். குருபரப்பள்ளியில் பிறந்து, அதே ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். வயது இருபத்தாறு. ஓசூரில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் வேலை. நாங்கள் பாத்ரூம் போய்வரும் நேரத்தை சூப்பர்வைசர் சந்தோஷ் குறித்துவைக்கிறான் என்று தெரிந்ததும், அவன் டீ குடிக்கப் போகும் நேரத்தை ஒரு வாரம் குறித்து அவன் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தவள். அப்படிப்பட்டவள் போன வருஷம் ஏழு மாதக் கர்ப்பத்தில் பிள்ளையை வயிற்றிலேயே இழந்து, வேலைக்குத் திரும்பியபோது யாரிடமும் ஒரு சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் அதைப் பற்றிப் பேசக்கூடாது. அவள் அம்மா ஃபகருன்னிசா, பேசப் பேச வலி கூடும் என்று வாயை அடைத்துவிடுவார். புருஷன் ஃபைஸான் நல்லவன்தான். ஆனால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் லோடு ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்து, "மறந்துடு" என்றார்கள்.

இதெல்லாம் போதாதென்று வினோதா வேறு. கம்பெனி பஸ்ஸில் மூன்று வருஷமாக நபீலாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவள். அவளுக்கும் போன வருஷம் ஒன்று கலைந்து, இப்போது ஐந்தாவது மாதம். உண்டான நாளிலிருந்து முன் சீட்டுக்கு மாறிவிட்டாள். பின்னால் குலுங்குகிறது என்றாள். குலுக்கம் உண்மைதான், ஆனால் அவள் நபீலாவின் முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்தியிருந்தாள்.

நாங்கள் சில பெண்கள் சேர்ந்து மாதத்துக்கு ஒருமுறை 'இடைவேளை' என்று ஒரு நாலு பக்கப் பத்திரிகை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்போம். ஆசிரியை, பிழை திருத்துபவள், ஸ்டேப்ளர் அடிப்பவள் எல்லாம் நான்தான். ஒரு நாள் கேன்டீனில் நபீலா என் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஆறு தாளைச் செருகினாள்.

"போடுக்கா. நான் சொன்னா எவளும் கேக்க மாட்டேங்கறா. அச்சுல வந்தாலாவது கேப்பாளுங்க."

வீட்டுக்குப் போய்ப் படித்தேன். ஸ்கேன் அறையில் டாக்டர் பேச்சை நிறுத்தியதிலிருந்து, தாய்ப்பால் கட்டி வலித்த இரவு வரைக்கும் எழுதியிருந்தாள். எனக்கு இரண்டு பிள்ளைகள், சுகமாகத்தான் பிறந்தார்கள். அப்படியிருந்தும் நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டுதான் மீதியைப் படித்தேன். வினோதா இதைத் தெரியாமல் எடுத்துப் படித்தால் என்ன ஆவாள் என்று நினைத்தேன். கதைக்கு மேலே கறுப்புக் கட்டம் போட்டு எழுதினேன்: 'எச்சரிக்கை! மனவலிமை இல்லாதவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.'

பத்து வருஷம் ஃபேக்டரியில் இருந்தவளுக்கு வேறென்ன எழுதத் தெரியும்? கரண்ட் பேனல் பாக்ஸில் ஒட்டுகிற அபாய போர்டு மாதிரியே எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகும் முன்பு நபீலாவிடம் காட்டினேன்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் புள்ள என்ன ஷாக் அடிக்கற ஒயராக்கா?" என்றாள்.

"அதுக்கில்ல நபீலா. வினோதா மாதிரி யாராவது..."

"அவ ஏற்கெனவே மூஞ்சியத் திருப்பிக்கறா. இத வேற ஒட்டிட்டீனா எல்லாருமே பக்கத்தத் திருப்பிட்டுப் போயிடுவாளுங்க. அப்பறம் யாரு படிப்பா? எனக்கு இதாண்டி கடைசி, வேற எடமே இல்ல." கோபத்தில் என்னை அக்கா என்று சொல்லவும் மறந்திருந்தாள். "கட்டத்த எடு. இல்லனா கதையக் குடுத்துடு."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அப்டியே போடறன், போ" என்று கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த வாசகம்தான் தப்பு, வேறு மாதிரி எழுதலாம் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், இருந்த கடுப்பில் செய்திருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் மறந்துபோனேன். எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்க வராது. அதனால் 'இடைவேளை' வந்த அன்று, பஸ்ஸில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான மாரம்மாக்கா எழுந்து நின்று சத்தமாக வாசித்துக்காட்டுவார். ஓடுகிற பஸ்ஸில் வாசித்தால், வேண்டாம் என்கிறவள் எந்தப் பக்கத்தைத் திருப்புவாள்?

மதிய ஷிஃப்டுக்குப் போகும் பஸ் சூளகிரியைத் தாண்டியதும் மாரம்மாக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இன்னிக்கு நம்ம நபீலா எழுதனது" என்றார். நபீலா என் பக்கத்தில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். இதற்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தாள்.

"ஸ்கேன் ரூம்ல டாக்டரம்மா பேசறத நிறுத்துனாங்க..." என்று மாரம்மாக்கா ஆரம்பித்தார்.

முன் சீட்டில் வினோதாவின் கை வயிற்றுக்குப் போனது. அவள் திரும்பவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. கழுத்து மட்டும் தோளுக்குள் இறங்கியது. நான் எழுவதா வேண்டாமா என்று தவித்தேன். எழுந்தால் நபீலாவின் கதையை நானே நிறுத்தியதாகிவிடும்.

நபீலாவே எழுந்தாள். "நிறுத்துக்கா" என்று தாளைப் பிடுங்கினாள்.

"படிக்கறதுக்கு முன்ன ஒன்னு சொல்லிடறன். இது என் கத. வயித்துலயே எறந்துபோன கொழந்தையப் பத்தினது. ஆஸ்பத்திரில நடந்ததெல்லாம் வரும். இப்ப வேணாம்னு இருக்கறவங்க முன்னாடி போயிடுங்க, இல்ல காதுல பாட்டு வச்சிக்கங்க. நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டன். பின்னால எப்ப வேணுமோ அப்ப வாங்கிப் படிங்க."

பஸ் முழுக்க எழுந்துபோய்விடும் என்றே அவள் நம்பினாள், எனக்குத் தெரியும். இரண்டு பேர் இயர்போனை எடுத்தார்கள். ஒருத்தி முன்னால் போனாள். வினோதா எழுந்து டிரைவர் கரியப்பன் பக்கத்தில் இன்ஜின் மேல் போட்டிருந்த மெத்தையில் உட்கார்ந்து, அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் கன்னடப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

நபீலா அதைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்குத் தெம்பில்லை.

மீதிப் பேர் யாரும் நகரவில்லை. பின் சீட்டிலிருந்து இன்னும் நாலு பேர் முன்னால் நெருங்கி வந்தார்கள். மாரம்மாக்கா இந்த முறை குரலைத் தாழ்த்தி, கேட்க வந்தவர்களுக்கு மட்டும் எட்டும்படி வாசித்தார். பாதியில் அவரால் முடியாமல் போக, மீதியை நபீலாவே வாசித்தாள். கதையில் பிள்ளைக்குப் பெயர் இல்லை. ஒருத்தரும் கேட்காத பெயரை எதற்கு எழுதுவது என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள்.

கம்பெனி கேட்டில் இறங்கியதும் நான் பேனாவை எடுத்தேன். கொடுக்காமல் மிச்சமிருந்த பிரதிகளில், அவள் பஸ்ஸில் சொன்னதையே சுருக்கிக் கதைக்கு மேலே இரண்டு வரியாக எழுதினேன். எச்சரிக்கை என்ற சொல்லும் இல்லை, கட்டமும் இல்லை. நபீலா படித்துப் பார்த்து, "ம்" என்றாள். பிறகு பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு, "அவ போயிட்டா பாத்தியாக்கா" என்றாள்.

வருகைக்கு பஞ்ச் அடிக்கும் வரிசையில் போய் நின்றோம். யாரோ நபீலாவின் துப்பட்டாவை இழுத்தார்கள். வினோதா.

"நான் கேக்கலக்கா. இப்ப என்னால கேக்க முடியாது."

"தெரியும். அதுக்குத்தான் சொன்னன்."

"எனக்குப் பொறந்தப்பறம் படிக்கறன். ஒன்னு எடுத்து வய்யி." வினோதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு நபீலாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "புள்ள பேரு மட்டும் இப்பவே சொல்லுக்கா."

வரிசை நகர்ந்தது. நபீலா நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ஒரு வருஷமாக யாருக்கும் சொல்லாததை, வாய்க்குள் இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை சொன்னாள்.

"அயான்."