டீச்சரின் கணக்குப் பாடங்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் பிளஸ் டூ மாணவர்களுக்கு டியூஷன் நடத்தினோம். நான் இயற்பியல், என்னோடு வேலை பார்த்த டீச்சர் கணக்கு. இருவர் பாடங்களையும் வீடியோ எடுத்து என் மடிக்கணினியில் சேர்த்தேன். எந்தக் கோப்புக்கும் பெயர் வைத்ததில்லை. கேமரா கொடுத்த தேதியும் எண்ணும்தான்.

டீச்சர் கேலி செய்வார். "தேதியப் பாத்து எவன் சார் பாடம் தேடுவான்? பாடத்துப் பேரு, பாகம் ஒண்ணு, ரெண்டுன்னு போடுங்க. சொதப்புனதெல்லாம் தனியா ஒரு ஃபோல்டர்ல தள்ளுங்க."

"போடுறேன் டீச்சர், செத்த பொறுங்க" என்பேன். போடவில்லை.

தொண்டையில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சையில் டீச்சரின் குரல் போயிற்று. அதன் பிறகும் வகுப்புக்கு வந்தார். திரையில் அவருடைய பழைய பாடம் ஓடும். அவர் அருகில் நின்று நிறுத்துவார், பலகையில் எழுதிக் காட்டுவார், மறுபடி ஓடவிடுவார். அந்த வீடியோக்கள் இருந்தவரை அவர் ஆசிரியர்.

கோடை விடுமுறையில் ஒரு நாள் மடிக்கணினியில் இடம் இல்லை. என் புதிய பாடங்களுக்கு இடம் வேண்டும். டீச்சரின் கோப்புகளில் எது பாடம், எது சொதப்பல் என்று பெயரில் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சோம்பல். எல்லாவற்றுக்கும் வெளி டிஸ்க்கில் நகல் இருக்கிறதே என்று மொத்தமாக அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

மடிக்கணினியில் இருப்பது போலவே டிஸ்க்கையும் வைத்திருக்க ஒரு மென்பொருளை நானே அமைத்திருந்தேன். இங்கே சேர்த்தால் அங்கேயும் சேரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இரண்டாவதை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த முறை டிஸ்க்கைச் செருகியதும் அது தன் வேலையைச் செய்தது. நான் கவனிக்காமல் என் பாடங்களை வாரக்கணக்கில் அதில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

விடுமுறை முடிந்து டீச்சர் தொகை நுண்கணிதப் பாடத்தைக் கேட்டபோதுதான் தேடினேன். டிஸ்க்கிலும் இல்லை. பேருந்து நிலையத்தருகே ஒரு கணினிக் கடையில் டிஸ்க்கைக் கொடுத்தேன். கடைக்காரர் தலையை ஆட்டினார். "அழிஞ்சதோட நிறுத்தியிருந்தா எடுத்திருக்கலாம் சார். அது மேலயே இம்புட்டு ஏத்தி வச்சிருக்கீங்களே!" கிடைத்தவை சில துண்டுகள். அவையும் திறக்கவில்லை.

டீச்சரிடம், "டிஸ்க் கெட்டுப்போச்சு டீச்சர்" என்றேன்.

அவர் பலகையைத் துடைத்தார். பிறகு கைபேசியில் தட்டிக் காட்டினார்: "நீங்க என்ன சார் செய்வீங்க? உங்க பாடமாச்சும் பத்திரமா இருக்கா?"

இருக்கிறது என்று தலையசைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை.