அரை டாக்டரும் சிவப்பி பிடித்த உருளைக்கிழங்கும்

அந்தத் தெருவில் மாடு வைத்திருந்த பதினோரு வீட்டுக்காரர்களும் அவரை நேரில் "டாக்டரண்ணே" என்பார்கள். அவர் தெருமுனை திரும்பியதும் "அரை டாக்டர்" என்பார்கள். மீதி அரை எங்கே என்று கேட்டால் அவருடைய மனைவி, "அது முழுக்க வாயாப் போயிடுச்சு" என்பாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர் அவர். உள்ளே நடந்த வைத்தியத்தை எல்லாம் வாசல் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே கற்றுக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்ததில் பாதிதான் தெரிந்தது. தெரியாத பாதியைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டார். வேலையை விட்ட பிறகு, மாடு தும்மினால் கூட ஆள் அனுப்புவார்கள். ஈர வேட்டியோடு போய் நிற்பார். போகிற வழியில் கடவுளைக் கும்பிடுவார். அது நல்ல பழக்கம்தான். ஆனால் கும்பிட்டுவிட்டு அவர் சொல்கிற யோசனைக்கும் கடவுளுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

அவருடைய மாடு சிவப்பி. சிப்ஸ் போடுகிற பட்டறையில் கழித்துப் போட்ட பொடி உருளைக்கிழங்கு வாரம் ஒரு சாக்கு வரும். மனைவி தினமும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வில்லை வில்லையாக நறுக்கித் தொட்டியில் போடுவாள்.

"இத்தனையும் நறுக்கணுமா? மாடு என்ன பல்லு இல்லாததா?" என்பார் இவர்.

"பல்லு இருக்கு. நெனப்பு வேணுமே. அவசரத்துல முழுசா முழுங்கிட்டா?"

இவர் சிரிப்பார். ஏனென்றால் சிவப்பிக்கு அவர் ஒரு வித்தை பழக்கியிருந்தார். முழு உருளைக்கிழங்கைத் தூக்கிப் போட்டால், அது தலையை நிமிர்த்தி வாயாலேயே பிடிக்கும். விருந்தாளி யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இந்தக் காட்சிதான். காபி ஆறிப்போகும்; வந்தவர்கள் கை தட்டும் வரை அவர் விடமாட்டார்.

அன்று பத்து மணிக்கு, எதிர் வீட்டுக் கொத்தனார் தன் மச்சானை அழைத்து வந்தார். வெளியூர் மச்சான், மாடு வாங்குகிற யோசனையில் இருப்பவன். இது போதாதா? அரை டாக்டர் சாக்கைக் குடைந்தார். முதல் கிழங்கைச் சிவப்பி பிடித்து நிதானமாக மென்றது. இரண்டாவதுக்கு அவர் உருண்டையாக, கோழிமுட்டையை விடப் பெரியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது பறந்தது. சிவப்பி பிடித்தது. மச்சான் படபடவென்று கை தட்டினான். மிரண்ட மாடு மெல்லாமலே, அப்படியே விழுங்கியது.

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சிவப்பி கழுத்தை முன்னால் நீட்டியது. விழுங்கியது, மறுபடி விழுங்கியது, இருமியது. வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கி, அப்புறம் கயிறாகத் தொங்கி, தரையில் குட்டை கட்டியது. கழுத்தின் இடது பக்கத்தில், நடுவாக, கிழங்கின் மேடு வெளியே தெரிந்தது.

மச்சான், "இதுவும் வித்தையாண்ணே?" என்றான்.



மனைவி ஓடி வந்தாள். பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். திட்ட நேரமில்லை என்று முடிவு பண்ணி, கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தீனி, தண்ணி ரெண்டையும் எடுத்துடுங்க," என்றது குரல். "மாட்டை அமைதியா நிக்க வைங்க. தலையத் தூக்கிக் கட்டாதீங்க, தொங்கட்டும், எச்சில் வெளிய ஒழுகட்டும். எண்ணெயோ தண்ணியோ ஒரு சொட்டுகூட ஊத்தக்கூடாது. குச்சி, குழாய் எதுவும் உள்ள விடாதீங்க. வாய்க்குள்ள கையும் விடாதீங்க. வெறிநோய் மாட்டுக்கும் இப்படித்தான் எச்சில் ஒழுகும், பார்த்து முடிவு பண்ற வரைக்கும் யாரும் தொட வேணாம். இடது வயித்துல, விலாவுக்குப் பின்னாடி பள்ளம் இருக்கும்ல? அது நிரம்பி மேடாச்சுன்னா உடனே கூப்பிடுங்க. நான் அரை மணியில வந்துடறேன்."

மனைவி தொட்டியை இழுத்து ஓரம் தள்ளினாள். அரை டாக்டர் தலைக்கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நின்றார். அதற்குள் கொத்தனார் காணாமல் போயிருந்தார். மூச்சு வாங்க ஓடி வந்தபோது அவர் கையில் நல்லெண்ணெய்க் குப்பியும் மூங்கில் குழலும் இருந்தன.

 அந்தக் குழல் அரை டாக்டருக்கு நன்றாகத் தெரியும். அவரே சீவிக் கொடுத்தது. போன வருஷம் கொத்தனாரின் கறவை மாடு இதே மாதிரி மாங்காய் விழுங்கி நின்றபோது, அவர்தான் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஒரு குப்பி எண்ணெயை ஊற்றினார். மாங்காய் இறங்கியது. தெருவே அவரைக் கொண்டாடியது. நாலாம் நாள் மாடு காய்ச்சலும் இருமலுமாகப் படுத்துச் செத்தது. "விதி" என்றார்கள். அவரும் தலையை ஆட்டினார். டாக்டரம்மா மட்டும் அவரைத் தனியாக அழைத்து, "எண்ணெய் நுரையீரலுக்குப் போயிருக்கு. இனிமே ஊத்தாதீங்க" என்று சொல்லியிருந்தாள். அதை அவர் இந்த ஒரு வருஷமாக யாருக்கும், மனைவிக்கும்கூட, சொல்லவில்லை.

"புடிங்கண்ணே தலைய! நீங்க அன்னிக்குச் செஞ்ச மாதிரியே நான் செய்யறேன்," என்றார் கொத்தனார், முகமெல்லாம் நன்றியோடு.

"வேணாம்."

"டாக்டரம்மா ஆயிரம் சொல்வாங்கண்ணே. உங்க கைராசி எனக்குத் தெரியாதா?"

குழலின் நுனி சிவப்பியின் வாயோரம் வந்துவிட்டது. கௌரவமா மாடா என்று அவர் யோசித்தது ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடி யோசித்ததற்காக அவர் பின்னால் பல நாள் கும்பிட வேண்டியிருந்தது.

குழலைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். "உன் மாட்டைக் கொன்னதே இந்தக் குழல்தான்யா! எண்ணெய் நுரையீரலுக்குப் போயிடுச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

 சிவப்பி மறுபடி இருமியது.

கொத்தனார் குப்பியை மெல்ல மூடினார். மூடி சரியாக உட்காரும்வரை திருகினார். "விதின்னு சொன்னீங்களேண்ணே," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அரை டாக்டருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மனைவி, "வயிறு ஏறுதுங்க!" என்று கத்தினாள். இடது பக்கப் பள்ளம் நிரம்பி, தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. மறுபடி போன். "தெரு முனையில இருக்கேன்," என்றாள் டாக்டரம்மா.

டாக்டரம்மா முழங்கால் வலியோடு ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, மாட்டைச் சுற்றிப் பார்த்து, நாய் கடிக்கவில்லை, தடுப்பூசி போட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கையுறை மாட்டினாள். ஒரு ஊசி போட்டாள். வாயை அகலத் திறந்து வைக்கும் இரும்புச் சட்டத்தைப் பொருத்தினாள். "ரெண்டு பேர் தலையைப் பிடிங்க."

மனைவி ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் பிடித்தது கொத்தனார். அரை டாக்டருக்கு வேலை தரப்படவில்லை.

டாக்டரம்மா வெளியிலிருந்து இரண்டு கையாலும் மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டையை நோக்கி மேலே நகர்த்தினாள். நெற்றி வியர்த்தது. கடைசியில் கையை உள்ளே விட்டு எடுத்தாள். பளபளவென்று, ஒரு பல் தடம்கூட இல்லாத உருளைக்கிழங்கு. அடுத்த நொடி சிவப்பி விட்ட ஏப்பத்தில் மச்சான் இரண்டடி பின்வாங்கினான்.

"தொண்டை புண்ணாயிருக்கும். ரெண்டு மூணு நாள் மெத்துனு ஊறவெச்ச தீனி. இருமலோ காய்ச்சலோ வந்தா சொல்லுங்க." பிறகு கிழங்கை உயர்த்தினாள். "இதை முழுசாக் குடுத்தது யாரு?"

மனைவி வாய் திறப்பதற்குள் அவரே, "நான்தாங்க. தூக்கிப் போட்டேன்," என்றார்.

டாக்டரம்மா போனதும், கொத்தனார் மூங்கில் குழலைக் குனிந்து எடுத்தார். முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து, அரை டாக்டரின் காலடியில் போட்டார். "எதிர்வீடுதான். நாளைக்கும் உங்க முகத்துலதான் முழிக்கணும்," என்றார். "ஆனா இனிமே அண்ணேன்னு மட்டும்தான் கூப்பிடுவேன். டாக்டர் வேணாம்."

மறுநாள் காலையில் அரை டாக்டர் வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கினார். தெருவில் போனவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். மனைவி வந்து ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது தடிமன். திரும்ப நறுக்குங்க."

அவர் திரும்ப நறுக்கினார்.