நூற்றுப் பன்னிரண்டாம் ஷாட்

என் அக்கா கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டு சொல்வேன்: நேரத்துக்கு வருவார். அதற்கு மேல் யோசிக்க வேண்டும்.

அத்தானுக்குத் தொழில் மேடை நிகழ்ச்சிகளை நேரலையாகக் காட்டுவது. அரங்கத்துக்குப் பின்னால் எங்கள் வேன் நிற்கும். உள்ளே ஏசிக் குளிரில் வரிசையாகத் திரைகள். ஒரு கேமராவுக்கு ஒரு திரை. அத்தான் நடு நாற்காலியில் உட்கார்ந்து, "ரெண்டு ரெடி... டேக்" என்பார். பக்கத்தில் நான் இரண்டாம் பட்டனைத் தட்டுவேன். வீடுகளில் இரண்டாம் கேமராவின் படம் தெரியும். உறவுக்காரன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். உறவுக்காரன் என்பதாலேயே நாலு பேர் முன்னால் திட்டுவதையும் வைத்துக்கொண்டார்.

அவருடைய உயிர் ஸ்கிரிப்டில் இருந்தது. எந்த ஷாட், எந்தக் கேமரா, முகமா முழு உருவமா, எந்த வசனத்தில் அல்லது எந்த அசைவில் மாற வேண்டும், எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதுவார். எழுதுவதில் தப்பில்லை, ஸ்கிரிப்ட் இல்லாமல் ஐந்து கேமராவை மேய்க்க முடியாது. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதியவன் நிகழ்ச்சியின்போது திரையைப் பார்க்க வேண்டும். அத்தான் தாளைப் பார்ப்பார். ஒருமுறை பாடிக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்துவிட்டார். இவர் தலை நிமிராமல், "மூணு, பாடகர் முகம், டேக்" என்றார். வீட்டில் இருந்த ஜனமெல்லாம் மைக் ஸ்டாண்டின் முகத்தைப் பார்த்தது.

ஷாட் எண்களைப் படித்துச் சொல்லத் தனியாக ஓர் உதவியாளர் இருப்பது வழக்கம். அத்தானிடம் மூன்று பேர் இருந்து பார்த்து ஓடிவிட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் தானே சொல்லிக்கொண்டார். "எனக்குச் சமமா வேகம் யாருக்கு இருக்கு?" என்பார். வாஸ்தவம். பள்ளத்தை நோக்கி அந்த வேகத்தில் போக வேறு ஆள் கிடையாது.

இப்படிப்பட்டவருக்குத்தான் என் அக்கா வாழ்க்கைப்பட்டாள். கல்யாணத்துக்கு முன் அவள் மேடையில் நடித்தவள். பிள்ளைகள் பிறந்தார்கள், மாமியார் படுத்த படுக்கையானார், வருஷங்கள் போயின. பிள்ளைகள் இருவரும் வெளியூர் போனபின் ஒரு நாடகக் குழு அவளைக் கூப்பிட்டது. கடைக்காரன் ஒருவன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வீட்டை விற்றுவிடுகிறான். அந்தப் பெண்டாட்டி வேடம். வசனம் அதிகமில்லை. கடைசியில், வீடு போய்விட்டது என்று தெரிந்ததும், அவள் தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அக்கா ஒத்துக்கொண்டாள்.

அந்த நாடகத்தை ஒரு சேனல் நேரலையில் காட்ட முடிவு செய்து, வேலையை அத்தானிடமே கொடுத்தது. அக்கா முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. கட்டிக்கொண்டவர்தானே, நம்மை நன்றாகக் காட்டுவார் என்று நம்பினாள்.

சாப்பாட்டு மேஜையில் ஸ்கிரிப்ட் விரிந்து கிடந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"நூத்திப் பன்னெண்டுதானே என்னோடது?"

"ஆமா. ரெண்டாம் கேமரா, உன் முகம். நாலு செகண்டு."

"நாலா? அப்புறம்?"

"நூத்திப் பதிமூணு, கடைக்காரன் முகம். பதினாலு, கிரேன்ல மேலேர்ந்து. பதினஞ்சு, காலி நாற்காலி. பதினாறு, மறுபடி கடைக்காரன். பதினேழு, கதவு."

"நான் நிக்கிறது ஒரு நிமிஷங்க."

"நில்லேன், யாரு வேண்டாங்கிறா? ஒரு நிமிஷம் ஒரே மூஞ்சியைக் காட்டினா ஜனம் எழுந்து போயிடும். இது என் தொழில், உனக்குப் புரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். தட்டில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை முழு ஒத்திகை நடந்தது. அக்கா அந்த நிமிஷத்தில் கண்ணீர் விட்டாள். நன்றாகத்தான் இருந்தது. நாடகம் நீளம் என்று இயக்குநரம்மா ஒரு காட்சியை வெட்டினார். அதில் எங்கள் ஷாட் ஒன்பது போயிற்று: எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றாறு வரை.

இங்கே தொழிலில் ஒரு பழக்கம் சொல்ல வேண்டும். ஷாட் போனால் எண்ணைத் தொடக் கூடாது. "எண்பத்தேழுக்கு அப்புறம் நேரே தொண்ணூத்தேழு" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு ஓட்டையை ஓட்டையாகவே விட வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு கேமராக்காரரிடமும் அவருடைய ஷாட்களை மட்டும் எழுதிய அட்டை இருக்கும். ஒத்திகையில் அதில் ஆயிரம் கிறுக்கியிருப்பார்கள். ஹெட்செட்டில் எண் கேட்டதும் அட்டையைப் பார்த்து அந்தப் படத்தைத் தயாராக வைப்பார்கள். எண்தான் அவர்களுக்குப் பிடிமானம். முதல் வருஷம் படிக்கிற பையனுக்கும் இது தெரியும்.

அத்தானுக்கு ஓட்டை பிடிக்கவில்லை. சேனலின் பெரியவர் வேனுக்கு வரப்போகிறார், ஸ்கிரிப்ட் பல்லிளிக்கக் கூடாது. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் புதிதாக எண் போட்டு அடித்து, ஸ்பைரல் பைண்டிங் செய்து, மேல் அட்டையில் தன் பெயரை என் கட்டை விரல் அளவுக்கு அச்சடித்துக்கொண்டு வந்தார். தொண்ணூற்றேழு எண்பத்தெட்டாயிற்று. நூற்றுப் பன்னிரண்டு நூற்று மூன்றாயிற்று.

ஞாயிறு மதியம் நாடகம். என் பிரதியைப் புரட்டியதும் கேட்டேன்.

"அத்தான், கேமராக்காரங்க அட்டையும் மாத்தியாச்சா?"

"எல்லாம் ஆச்சு. நீ பட்டனைப் பாரு."

என்ன ஆச்சு என்று பிறகுதான் தெரிந்தது. "சின்ன மாற்றம், நான் சொல்றபடி கேளுங்க" என்று நாலு பேரிடமும் சொல்லியிருக்கிறார். அதுதான் ஆச்சு.

எண்பத்தேழு வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பெரியவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, திருப்தியாக அரங்கத்துக்குப் போய்விட்டார். அடுத்த ஷாட்டில் ஆரம்பித்தது கூத்து. "ஒண்ணு, அடுத்து எண்பத்தெட்டு" என்றார் அத்தான். ஒன்றாம் கேமராக்காரரின் அட்டையில் எண்பத்தெட்டு என்பது வெட்டிப்போன காட்சி. நாடகம் ஓடும்போது கேமராக்காரர்கள் வாயைத் திறக்க முடியாது, பக்கத்தில் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். ஆமாம் என்றால் கேமராவை மேலும் கீழும் ஆட்டுவார்கள், இல்லையென்றால் பக்கவாட்டில். என் முன்னால் ஒன்றாம் திரை இல்லை இல்லை என்று தலையாட்டியது. கொஞ்ச நேரத்தில் மூன்றும் ஆட்டியது. அத்தான் நிமிர்ந்தால்தானே? தாளில் விரலை வைத்துக்கொண்டு அவர் சொல்லிக்கொண்டே போனார். எது தேறுகிறதோ அதைத் தட்டி, தேறாத இடத்தில் பால்கனியிலிருந்து மேடை முழுவதையும் காட்டும் ஐந்தாம் கேமராவைப் போட்டு ஒப்பேற்றினேன். ஐந்தில் ஆள் கிடையாது. ஸ்டாண்டில் பூட்டி வைத்தால் அது பாட்டுக்கு ஒரே படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அக்காவின் இடம் வந்தது. டம்ளர் அவள் கையில் இருந்தது. இருபது வருஷம் காத்திருந்தவள், அந்த மயங்கி விழுந்த பாடகர் மாதிரி படத்திலேயே இல்லாமல் போய்விடப் போகிறாளே என்று பயந்தேன்.

இரண்டாம் கேமராவில் இருந்தவரை நாங்கள் ஒட்டகம் என்போம், கழுத்து நீளம். ஒட்டகம் அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, மேடையைப் பார்த்து வேலை செய்ய ஆரம்பித்து ரொம்ப நேரமாகியிருந்தது. டம்ளர் மேஜையைத் தொட்டபோது இரண்டாம் திரையில் அக்காவின் முகம் நிறைந்திருந்தது.

"ரெண்டு, நூத்தி மூணு, டேக்."

தட்டினேன்.

"ஒண்ணு, நூத்தி நாலு, டேக்."

ஒன்று தலையாட்டிக்கொண்டிருந்தது. நான் தட்டவில்லை.

"நாலு, நூத்தி அஞ்சு, டேக்."

கிரேனில் இருந்த நாலாம் கேமரா, திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற ஒருவர் பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீர் குடிப்பதைக் காட்டியது. தட்டவில்லை. அத்தான் சொல்லியும் பட்டனில் கை வைக்காதது இந்தத் தொழிலில் எனக்கு அதுவே முதல்முறை. மூன்று மங்கலாக இருந்தது. தட்டவில்லை. மறுபடி ஒன்று. இல்லை. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு உதட்டின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சத்தமே இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தாள். இந்த ஆளிடமா இத்தனை வருஷம் இருந்தோம் என்று ஒரு பெண் தன்னையே கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு. பக்கத்தில் அத்தான் ஒன்றன்பின் ஒன்றாக டேக் சொல்லி, பக்கம் புரட்டி, கதவையும் முடித்துவிட்டிருந்தார். வீடுகளுக்குப் போனது ஒரு நிமிஷமும் ஒரே முகம். அவருக்குத் தெரியாது.

மறுநாளே அந்த நிமிஷம் பேச்சாகிவிட்டது. கேமராவை அசைக்காமல் ஒரே முகத்தில் நிறுத்தியது என்ன தைரியம் என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அதற்கு முன் நடந்த குளறுபடிகூட வேண்டுமென்றே செய்ததாம், கடைக்காரனின் மனக்குழப்பமாம். அத்தான் ஒரு நாள் முழித்தார். இரண்டாம் நாள் ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாள் அது அவருடைய பழைய யோசனையாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு சேனல் பெரியவரையும் அவர் மனைவியையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நானும் இருந்தேன்.

"வேன்ல எல்லாரும் கட் பண்ணலாம் கட் பண்ணலாம்னு துடிச்சாங்க," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான்தான் கையைத் தூக்கி, யாரும் தொடாதேன்னுட்டேன். என் பெண்டாட்டி மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

அக்கா பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஒரு நிமிஷத்துல நான் என்னங்க செஞ்சேன்?"

"என்ன கேள்வி இது? அழுத. முதல்ல இடது கண்ணுல ஒரு சொட்டு. அதுக்காகத்தானே நிறுத்தினேன்."

பெரியவரின் மனைவி தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வேறு ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருப்பதாகச் சொன்னார்.

அவர்கள் போனபின் அத்தான் என்னை வாசல் நடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அழலையாடா?"

"சிரிச்சா அத்தான்."

"சிரிச்சாளா? ஒத்திகையில அழுதாளே?"

அவமானப்பட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. உள்ளே போய் அந்த ஸ்பைரல் ஸ்கிரிப்டை எடுத்து வந்தார். நூற்று மூன்றில் 'அழுகிறாள்' என்பதை அடித்து 'சிரிக்கிறாள்' என்று எழுதினார். நாலு விநாடியை அறுபதாக்கினார். அதற்குக் கீழே ஐந்து வரிகளையும் அடித்தார். பிறகு கேமரா என்று போட்ட கட்டத்தில் பேனாவை வைத்து நின்றார். அங்கே இரண்டு என்று அச்சாகியிருந்தது. ஆனால் அவருக்கு இப்போது தன் தாளின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

"உண்மையில எந்தக் கேமராடா அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அஞ்சுன்னு எழுதிக்கச் சொல்லுடா. அதுலதான் ஆள் கிடையாது."

அத்தான் இரண்டை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார்.