அக்காவின் தோட்டமும் உயரமான ரேமும்

கம்ப்யூட்டர் கடையில் எல்லோரும் அவனை டவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் நெட்டை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மேல் தட்டில் இருக்கும் கீபோர்டை எடுக்கவே ஸ்டூல் போடுகிறவன். யார் வந்து மெஷின் பூட்டச் சொன்னாலும் ப்ராசசர் தலையில் சூட்டைத் தணிக்கும் பெரிய டவர் கூலரைத்தான் உட்கார வைப்பான். அதனால் வந்த பெயர். தண்ணீர் ஓடும் கூலர் கேட்பவர்களிடம், "வீட்டுல ஒழுகற குழாய் போதாதா சார்? இதுக்குள்ளயும் வேணுமா?" என்பான். இரட்டைக் கோபுரமாகத் தகட்டு அடுக்கு, நடுவில் ஒரு ஃபேன், முன்னால் ஒரு ஃபேன். பூட்டி முடித்ததும் ஏதோ தானே பெற்ற பிள்ளையைப் போல ஒரு முறை தட்டிக் கொடுப்பான்.

அக்காவுக்கும் அப்படித்தான் ஒன்று பூட்டப் போனான், ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அக்கா. கட்டடம் எழும்புவதற்கு முன்பே அது எப்படியிருக்கும் என்று உள்ளே நடந்து போவது போலக் காட்டும் படத்தைக் கம்ப்யூட்டரில் செய்வாள். மகள் பிறந்ததிலிருந்து வேலை நின்றுபோயிருந்தது. இப்போது ஒரு ஆர்க்கிடெக்ட், மருத்துவமனை ஒன்றின் தோட்டத்தைச் செய்துதரச் சொல்லியிருந்தார். திங்கள் காலை கொடுத்துவிட்டால் தொடர்ந்து வேலை உண்டு. இல்லாவிட்டால் வரிசையில் வேறு ஆள் நிற்கிறான். பாதி வேலையில் பழைய மெஷின் கண்ணை மூடிவிட்டது.

மற்ற சாமான்களெல்லாம் டவர் கொண்டுவந்தான். ரேம் மட்டும் அவன் கடையில் இருப்பு இல்லை. ஆகவே மாமாவிடம், அதாவது அக்கா வீட்டுக்காரரிடம், போனில் சொல்லியிருந்தான்: எத்தனை ஜிபி, எந்தத் தலைமுறை, என்ன வேகம், இரண்டு ரேம் குச்சி ஜோடியாக. எல்லாம் சொன்னான். உயரம் சொல்லவில்லை. அவன் கடையில் விற்பதெல்லாம் குள்ள ரேம்தான்; இத்தனை வருடத்தில் உயரத்தைப் பற்றி யாரிடமும் பேச வேண்டியே வந்ததில்லை.

"மாப்ள, பாரு. கடையிலேயே ஒசந்த சரக்கு!" என்று மாமா அட்டையைக் கிழித்து எடுத்துக் காட்டினார்.

சரக்கு உயர்ந்ததுதான். இரண்டு பக்கமும் தடித்த உலோகக் கவசம், மேலே சீப்புப் பல் மாதிரி முனைகள், உச்சியில் விளக்கு. டவர் பார்த்தவுடனேயே விரலால் அதன் உயரத்தை அளந்தான். இருந்தாலும் மதர்போர்டில் இரண்டாவது சந்திலும் நான்காவது சந்திலும் குச்சிகளைச் சொருகினான். கூலரை உட்கார வைத்து, முன் ஃபேனை மாட்டப்போனால் அது இரண்டாவது சந்திலிருந்த குச்சியின் தலையில் இடித்துக்கொண்டு நின்றது. ஒரு கட்டைவிரல் அகலம் மேலே போனால் தாண்டிவிடும். ஆனால் அந்தக் கூலரில் ஃபேனைப் பிடிக்கும் கம்பிக்குத் தகட்டில் ஒரே உயரத்தில்தான் பள்ளம். கையால் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அப்படியே பிடித்தாலும் கேபினெட்டின் கண்ணாடிக் கதவு மூடாது.

"என்னடா, முழிக்கற?" என்றாள் அக்கா.

"ரேம் ஒசரம் ஜாஸ்தி. ஃபேன் மேல இடிக்குது."

"அப்ப மாத்திட்டு வாங்க," என்று புருஷனைப் பார்த்தாள்.

"அட்டையப் பிரிச்சிட்டா திருப்பி எடுக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை மத்தியானத்தோட கடையும் மூடிடுவான்," என்றார் மாமா. அவர் குரல் தரையைத் தொட்டுவிட்டது. "வெளிச்சமா இருந்துச்சு மாப்ள. உங்கக்காவுக்குப் புடிக்கும்னு..."

"எனக்கெதுக்குங்க வெளிச்சம்? நான் என்ன கம்ப்யூட்டரைக் கூடத்துல மாட்டி வைக்கவா போறேன்?"

மாமாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல் டவர் ரேமைக் காட்டி ஒரு வேடிக்கை சொன்னான். "விடுங்க மாமா. இவன் போட்டிருக்கற கோட்டுதான் ஒசரம். கோட்டைக் கழட்டுனா உள்ள இருக்கறவன் குள்ளன்தான், என்னைய மாதிரி."

மூவரும் சிரித்தார்கள்.

முன் ஃபேனையே எடுத்துவிட்டு நடு ஃபேனோடு விட்டுவிடலாம் என்பது அவனுக்கு அப்போதே தெரியும். ஆனால் படம் தயாராக இரவெல்லாம் மெஷின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். சூடு ஏறினால் ப்ராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைவிட, அக்கா மெஷினை அரைகுறையாகப் பூட்டிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. கடைச் சாவி அவனிடம் இருந்தது. எங்காவது மூலையில் ஒரு ஜோடிக் குள்ள ரேம் கிடக்காதா என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கடையைத் தலைகீழாகப் புரட்டினான். கிடைத்ததெல்லாம் பழைய தலைமுறை ரேம். அடியில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில். சந்துக்குள் இறங்கவே இறங்காது. சோர்ந்துபோய் மேசையில் சாய்ந்தவனின் கண்ணில், ரிப்பேருக்கு வந்திருந்த பழைய மெஷின் ஒன்று பட்டது. அதன் கூலரில் ஃபேன் முன்னால் இல்லை, பின்னால் மாட்டியிருந்தது. டவர் நெற்றியில் அடித்துக்கொண்டான். முன் ஃபேனைக் கழற்றிப் பின் கோபுரத்தின் பின்பக்கம், காற்று அதே திசையில் போகிறபடி மாட்டினால் தீர்ந்தது! அந்தப் பக்கம் ரேமே கிடையாது. இடம் போதாவிட்டால் கேபினெட்டின் பின் ஃபேனை எடுத்துவிடலாம். கம்பி மாட்டும் பள்ளம் பின்பக்கமும் இருக்கிறதே!

உடனே மாமாவுக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அக்காவுக்குப் போட்டான். அவள் மகளைத் தூங்க வைக்கும்போது போனின் வாயைக் கட்டிவிடுவாள். வண்டியை விரட்டினான்.

வாசலிலேயே ஹேர் ட்ரையர் சத்தம் கேட்டது.

மாமா கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ட்ரையர், மறு கையில் பழம் நறுக்கும் கத்தி. அவனைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"கோட்டைக் கழட்டிட்டேன் மாப்ள! பசை விடவே மாட்டேன்னுச்சு. ஒண்ணு முடிஞ்சுது, இப்ப அடுத்தது..."

"வைங்க மாமா. கீழ வைங்க."

கவசத்தை வாங்கி டவர் திருப்பிப் பார்த்தான். உள்பக்கப் பசையில் கறுப்புச் சதுரம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மெமரி சிப். குச்சியில் அது இருந்த இடத்தில் காரை பெயர்ந்த சுவர் மாதிரி ஒரு காயம்.

"அது பசைக்கட்டி இல்லையா?" என்றார் மாமா.

"இல்ல மாமா."

"திருப்பி ஒட்ட முடியாதா? நல்ல பசை இருக்கு, எடுத்துட்டு வரவா?"

முடியாது என்று டவர் தலையை ஆட்டினான். திட்டவும் வழியில்லை. கோட்டைக் கழட்டும் கதையைச் சொன்னவன் அவன்தானே.

தப்பித்த குச்சியை இரண்டாவது சந்தில் நிறுத்தினான். முன் ஃபேனைப் பின்னால் கொண்டுபோய் மாட்டினான். அச்செடுத்தது போல உட்கார்ந்தது. கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. பொத்தானை அமுக்கியதும் மெஷின் உயிர் பெற்றது. ஒற்றை ரேம் நீலமும் பச்சையுமாக மாறி மாறி எரிந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே ட்ரையரின் ஒயரைச் சுற்றினார்.

அக்கா வந்து தோட்டத்தைத் திறந்தாள். பாதி திறக்கும்போதே ஒற்றைக் குச்சியின் மெமரி நிரம்பியது. மென்பொருள் தானே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டது.

"இலைதான் இடத்தை அடைக்குது," என்றாள், யாரையும் பார்க்காமல். "ஒவ்வொரு மரத்துக்கும் அத்தனை இலை."

தோட்டத்தை ஏற்றாமல் கட்டடத்தை மட்டும் திறந்தாள். திறந்தது. பிறகு மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தாள். வாசலோரம் ஒரு வரிசை வந்தது. நடைபாதை நிழலுக்கு இன்னொரு வரிசை வந்ததும் படம் உறைந்தது. அந்த வரிசையை எடுத்தாள். கொடிப்பந்தலை எடுத்தாள். நோயாளிகள் உட்காருவதற்காக அவள் வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த மரத்தடியின் முறை வந்தது. அதன் மேல் சுட்டியை வைத்தவள், அழிக்காமல் கையை எடுத்தாள்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மாமா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார்.

"தம்பி," என்றாள் அக்கா, "இன்னும் எவ்ளோடா எடுக்கணும்?"

டவர் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு ஃபேனும் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. கூலரைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது.

"தெரியலக்கா," என்றான்.