அக்கா தைத்த லேப்டாப் சட்டை

என் அக்கா செண்பகவல்லிக்கு எதையும் மூடாமல் வைத்தால் தூக்கம் வராது. ஃப்ரிட்ஜுக்குப் பூப்போட்ட உறை, மிக்ஸிக்குப் பாவாடை, டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் கூடு. ஆரியசாலையில் ரெக்சின் கடை வைத்திருக்கிற தம்பி நான் வாய்த்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று. துண்டுத் துணியெல்லாம் அவளுக்கே.

2008-இல் அவள் மகள் ஷிஜாவைக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்ரீகண்டனுக்குக் கட்டிக்கொடுத்தோம். நல்ல பையன். ஆனால் மாமியார் முன்னால் ‘வேண்டாம்’ என்ற சொல் அவன் வாயில் வராது. ஐந்தாவது தோசையையும் சிரித்துக்கொண்டே தின்பான்.

ஒருநாள் அக்கா அவர்கள் ஃப்ளாட்டுக்குப் போனவள், அவன் லேப்டாப் அம்மணமாகக் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போனாள். கிழக்கேகோட்டை நடைபாதையில் கீபோர்டுக்கு மேலே விரிக்கிற சிலிக்கான் உறை ஒன்றை வாங்கினாள். வேறு மாடலுக்கு உள்ளது. மேடும் பள்ளமும் பொருந்தவில்லை. அது போதாதென்று என் கடைக்கு வந்து சிவப்பு ரெக்சின் எடுத்து, அடிப்பாகத்துக்கும் பக்கங்களுக்கும் சட்டை வெட்டித் தைத்து, இருபக்கமும் ஒட்டும் டேப் வைத்து ஒட்டிக் கொடுத்தாள்.

“அடியில காத்து போற ஓட்டை உண்டுமே அக்கா?” என்று கேட்டேன்.

“அதுவழி பாற்றை கேறும்லே,” என்றாள். பாற்றை என்றால் கரப்பான்பூச்சி. அதற்கு மேல் அவளோடு யார் பேசுவது?

ஸ்ரீகண்டன் பட்ட பாடு சொல்லி மாளாது. உறைக்கு மேல் தட்டினால் விரல் ரப்பரில் புதையும், எழுத்து விழாது. ஓங்கிக் குத்தினால் ஒன்றுக்கு மூன்றாக விழும். ஆபீசில் உறையைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் அக்கா இருந்தால் மறுபடி விரித்துவிடுவான். அந்தத் தடித்த உறையோடு மூடி மூடி, திரையில் கட்டம் கட்டமாக எண்ணெய்த் தடம் பதிந்தது. விரலில் இருந்த எண்ணெய் உறைக்கும், உறையிலிருந்து திரைக்கும் போயிருந்தது. ரெக்சின் சட்டையைக் கழற்றவோ அவனுக்குத் துணிச்சல் இல்லை. மடியில் வைத்தால் தொடை சுட்டது.

“எப்படி இருக்கு மாப்பிள்ளே?” என்பாள் அக்கா.

“சுகமாட்டு இருக்கு அத்தே,” என்பான் அந்தப் பாவி.

அக்கா ஒரு வாரம் தங்கப் போனபோதுதான் வினை வந்தது. அமெரிக்கக்காரர்களுக்கு அவன் வீட்டிலிருந்தே நெட்டில் தன் புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். அது சரியாக நடந்தால்தான் அந்த வேலை அவன் கையில் நிற்கும். அன்று மாலை நானும் அங்கே இருந்தேன். அக்கா பக்கத்து நாற்காலியில் பெருமையாக உட்கார்ந்திருந்ததால் அவன் உறையை எடுக்கவில்லை. குத்து குத்தென்று குத்தினான். உள்ளே விசிறி ஊளையிட்டது. ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் திரை பட்டென்று இருண்டது.

“கரண்டு போச்சா?” என்றாள் அக்கா.

அவன் முகம் வெளுத்துவிட்டது. “சூடு கூடினா தானா ஆஃப் ஆகும் அத்தே. அடியில அடச்சிருக்கு, மேலயும் மூடியிருக்கு. கொஞ்ச நாளாவே இப்படித்தான்.”

அக்கா எழுந்தாள். கல்யாணமான மூன்று மாதமாக ‘நீங்க’, ‘வாங்க’ என்று மட்டுமே பேசியவள் வெடித்தாள்.

“கூறு கெட்டவனே! இத நீ முதல்லயே சொல்லப்படாதா?”

“நீங்க ஆசயாட்டு செஞ்சது... மனசு நோகும்னு...”

“என் மனசு நோகாம இருக்க ஒன் வேலய விடுவியாலே?”

சொல்லிக்கொண்டே சிலிக்கான் உறையைப் பிடுங்கி ஜன்னல் பக்கம் வீசினாள். கவிழ்த்துப் போட்டு ரெக்சினைச் சர்ரென்று உரித்தாள். ஈரம் தொட்ட மெத்துத் துணியால் திரையை மெல்லத் துடைத்தாள்; தடங்கள் போயின, நடுவில் லேசான ஒரு கீறலைத் தவிர. அடியில் இரண்டு புத்தகம் முட்டுக்கொடுத்து, மேஜை ஃபேனைத் திருப்பி வைத்தோம். சூடு தணிந்ததும் மிஷின் உயிர்பெற்றது. வெள்ளைக்காரர்கள் திரையில் வந்தார்கள். ஃபேன் சத்தம் பேச்சை மறைக்கிறது என்று அக்கா அதை அணைத்துவிட்டு, கேமராவில் விழாமல் தரையில் உட்கார்ந்து முறத்தால் வீசினாள். அவன் பேசி முடிக்கிற வரைக்கும் வீசினாள். வேலை அவன் கையை விட்டுப் போகவில்லை.

அவர்கள் போனதும் அக்காவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. “வாய் தவறி நீ, வா, போன்னு... மன்னிச்சிருங்க மாப்பிள்ளே.”

ஸ்ரீகண்டன் தரையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது. “வேண்டாம் அத்தே,” என்றான், முதன்முதலாக. “நீன்னே கூப்பிடுங்க.”