ஐநூற்றொன்றாம் நம்பர் சீட்டு

எங்கள் பில் ஒன்று திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் தேங்காய் இறக்கிவிட்டு வந்த என் மகன், காலிச் சாக்குகளை மூலையில் போட்டுவிட்டு, மடித்த காகிதத்தை என் மடியில் வைத்தான். வைத்துவிட்டு எதிரே நின்றுகொண்டான். உட்காரவில்லை.

"மாச பில்லத் திருப்பீட்டாங்கம்மா."

"என்றா சொல்ற? கூட்டல்ல பிசகா?"

"கூட்டல்ல இல்லீங்கம்மா. வராத தேங்காய வந்ததா எழுதியிருக்கறோமாம். ஆயிரம் காய்."

ஆயிரம். இருபத்தைந்து காய் குறைந்தால்கூட மறுநாள் சேர்த்து அனுப்பிவிடுகிற மண்டி எங்களுடையது. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் போன பிறகு மண்டியை நான்தான் நடத்தினேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான். காய் கணக்கில் யாரிடமும் தலை குனிந்ததில்லை.

மகன் இன்னும் முடிக்கவில்லை. "அடுத்த வருசத்து ஆர்டர நமக்கே தர்றதா, கோவிந்தாபுரத்து மண்டிக்காரருக்கு மாத்தறதான்னு இந்த வாரந்தான் மேனேஜர் முடிவு பண்றாராம். அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு. நாளைக்கு உங்களையே வரச் சொல்றாங்க, புக்கோட."

அந்த ஆஸ்பத்திரி பாலக்காட்டு ரோட்டில் இருக்கிறது. அங்கே மூன்று சமையலறை. நோயாளிகளுக்கு ஒன்று, நர்சுகளின் ஹாஸ்டலுக்கு ஒன்று, வெளியாட்கள் சாப்பிடும் கேன்டீன் ஒன்று. தினமும் காலையில் மூன்றுக்கும் தனித்தனியாகக் காய் போகும், தனித்தனியாக டெலிவரிச் சீட்டும் போகும். ஒவ்வொரு சீட்டும் ஒரே நம்பரில் மூன்று தாள். வெள்ளைத்தாள் அவர்களுக்கு. ரோஸ் தாளில் காயை வாங்கியவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார். மஞ்சள் தாள் புத்தகத்தோடேயே இருக்கும், கிழிக்கக் கூடாது. இத்தனை சின்னச் சின்னச் சீட்டுக்கும் தினம் ஒரு பில் போட்டால் அவர்களுக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை. அதனால் மாதம் முடிந்ததும் ஒரே பில். சீட்டு நம்பர், தேதி, எந்தச் சமையலறை, எத்தனை காய் என்று வரிசையாக ஒவ்வொன்றும் அதில் இருக்கும். கடைசியில் ஒரே தொகை. அதில் இருக்கிற கஷ்டம் ஒன்றுதான். ஒரு வரி தப்பென்றால் பில் முழுதும் நின்றுபோகும்.

முன்பெல்லாம் மகன்தான் பில் போடுவான். இப்போது கோவிந்தாபுரம் தோப்புகளில் காய் எடுக்க அலைவதால் அவனுக்கு நேரமில்லை. ஓணம் வந்த அந்த மாதத்திலிருந்து மருமகளிடம் கொடுத்திருந்தான். அவள் இடுக்கியில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள். கல்யாணமாகி வந்து ஒரு வருடம் ஆகவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். "ஏங்கண்ணு, நீ ஆயிரம் காய் எங்கிருந்து எழுதுன?"

அவள் முகம் வெளிறிவிட்டது. "நான் என்னத்தக் கண்டேன் அத்தே? புக்குல மஞ்சத் தாள்ல இருந்தத வரிசையா அப்படியே ஏத்துனேன். ஓணமாச்சே, ஆஸ்பத்திரில பெருசா சத்யா விருந்து போட்டிருப்பாகன்னு நெனச்சேன்."

"பாத்தியா?" என்றேன் மகனிடம். "புக்குல இருக்குது. புக்குல இருந்தாக் காய் போயிருக்குது. அங்க ஸ்டோர்க்காரந்தான் எங்கயோ தொலைச்சிருக்கோணும்."

அவன் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். மறுநாள் லோடுக்கு அவசரம் என்று போய்விட்டான். நானும் திறந்து பார்க்கவில்லை. என் புத்தகத்தை நானே சோதித்துப் பார்ப்பதா என்கிற எண்ணம்.

மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். மருமகளையும் கூட்டிக்கொண்டேன். அக்கவுண்ட்ஸ் ஆபீசில் இருந்த பெண் சித்தூர் பக்கத்து மலையாளி. தமிழ் பேசுவாள். மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டாள். அந்த மரியாதைகூட எனக்கு அன்றைக்குக் குத்தியது.

"அம்மா, இது பாருங்க. நீங்க அனுப்பின ஓரோ சீட்டும் எங்க ஸ்டோர் ரசீதோட ஒத்துப் பாத்தாச்சு. எல்லாம் சரி. ஐநூத்தி ஒண்ணு மாத்ரம் இல்ல. அந்த வெள்ளைச் சீட்டே எங்களுக்குக் கிட்டல, கேட்டோ. ஓணத்துக் காய்க்கு வேற சீட்டு இருக்கு, அதும் இதே பில்லுல இருக்கு."

"அம்மிணி, நாங்க பொய் பில்லு போடற ஆளுங்களா?"

"நான் அப்டி சொல்லலம்மா. கையெழுத்துப் போட்ட ரோஸ் தாள் காட்டுங்க, இப்பவே பாஸ் பண்றேன்."

மருமகள் ரோஸ் தாள்களைக் கட்டோடு எடுத்து வந்திருந்தாள். இரண்டு பேரும் தேடினார்கள். ஐநூற்றிரண்டு இருந்தது, ஐநூற்று மூன்று இருந்தது, ஐநூற்றொன்று மட்டும் இல்லை. "அப்ப புக்கத் தொறங்க" என்றேன் நான், குரலை உயர்த்தித்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் பார்க்கட்டும் என்றுதான் உயர்த்தினேன்.

மருமகள் அட்டையைப் புரட்டினாள். முதல் மஞ்சள் தாள்.

கார்பன் எழுத்தில், மேலே ஒரு பிள்ளையார் சுழி. அதன் கீழே, கோணல் மாணலாக, காய் ஆயிரம்.

என் கையெழுத்து.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஆயிரத்தில் அந்த 'யி' எப்போதும் எனக்கு மட்டும்தான் அப்படிக் கவிழ்ந்து விழும்.

சொல்லிவிடுகிறேன். புதுச் சீட்டுப் புத்தகம் வாங்கினால், முதல் சீட்டு சாமிக்கு. என் மாமனார் காலத்து வழக்கம். காலையில் குளித்துவிட்டு நானே எழுதுவேன். சாமிக்கு முன்னால் காலித் தாளை வைக்கக் கூடாது, அதனால் மனசு நிறைய ஆயிரம் என்று போடுவேன். தேதி போட மாட்டேன், பேர் போட மாட்டேன். வெள்ளையையும் ரோஸையும் கிழித்து மஞ்சள் பொட்டு வைத்துப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிடுவேன். மகனுக்குத் தெரியும், அவன் பில் போடும்போது தாண்டிவிடுவான். மருமகளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தேதியில்லாத சீட்டுக்கு அவள் அடுத்த சீட்டின் தேதியையே போட்டிருந்தாள், சமையலறையும் அதே சமையலறை.

மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். "பிள்ளையார் நம்ம கேன்டீன்ல பத்துக் கணக்கு வச்சிருக்காரா? எந்த வார்டுல கெடக்குறாரு?"

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கோப்பு ஒன்றை எடுத்து வந்தாள். எங்கள் பழைய மாத பில்கள். ஒன்றொன்றாகப் புரட்டிக் காட்டினாள். ஒவ்வொன்றிலும், ஒரு நம்பர் விட்டுப்போன இடத்தில், ஓரமாகச் சிவப்புப் பேனாவில் ஒரு கேள்விக்குறி.

"இதுக்கு இப்பதான் ஆன்சர் கிட்டியது. ஓரோ புக்குலயும் முதல் நம்பர் காணாது. உங்க மகன்கிட்ட கேட்டா, 'கிழிஞ்சு போச்சு மேடம்'னு சொல்லுவார். எப்பவும் முதல் சீட்டே கிழியுமா? காய் வேற எடத்துக்குப் போச்சோ, எங்க ஸ்டோர்லயே யாராச்சும் சீட்டு மறைக்கிறாங்களோன்னு ஆடிட்டர் கேட்டா நான் என்ன சொல்லறது? அதான் குறிச்சு வச்சேன்."

ஆயிரம் தேங்காய் தந்த அதிர்ச்சி ஒன்றுமில்லை. இத்தனை வருஷமாக நான் இந்த வாசலில் நிமிர்ந்து நடந்தபோதெல்லாம் உள்ளே ஒரு கோப்பில் என் பேருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்திருக்கிறது. அவள் நியாயமாகத்தான் போட்டிருக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

மருமகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம்" என்று அவள்தான் கேட்டாள்.

அந்தப் பெண் சொன்னாள். இந்த பில்லை ரத்து என்று எழுதிக் கோப்பிலேயே வைக்க வேண்டும். புது நம்பரில் புது பில் போட வேண்டும். அதில் ஐநூற்றொன்றை விட்டுவிடக் கூடாது. 'ரத்து' என்று வரியிலேயே காட்ட வேண்டும், காய் கணக்கில் சேர்க்காமல். சாமியிடம் இருக்கிற வெள்ளை, ரோஸ் இரண்டையும் கொண்டுவந்து, மஞ்சளோடு சேர்த்து மூன்றிலும் குறுக்கே கோடு போட்டுப் புத்தகத்திலேயே பின் பண்ண வேண்டும். மூன்று தாளும் ஒன்றாக இருந்தால்தான் காய் போகவில்லை என்று மேனேஜரிடம் காட்ட முடியும்.

"சாமி சீட்டுல கோடா?" என்றேன்.

"கோடு போடலேன்னா அது ஆயிரம் தேங்காதான், அம்மா."

வீட்டுக்கு வந்து படத்துக்குப் பின்னாலிருந்து அந்த இரண்டு தாளையும் எடுத்தேன். மஞ்சள் பொட்டு காய்ந்து உதிர்ந்தது. மகன் அப்போதுதான் வந்தான்.

"கிழிஞ்சு போச்சுன்னு சொன்னயாமே?" என்றேன்.

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "சாமிக்கு வெச்சேன்னு ஆபீசுல எப்படிங்கம்மா சொல்றது? சிரிப்பாங்க. உங்ககிட்டச் சொன்னா மட்டும் நிறுத்தியிருப்பீங்களா?"

நிறுத்தியிருக்க மாட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் பெண் கோடு போட ஸ்கேலை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையார் சுழியைத் தொடாமல், அதற்குக் கீழே, ஆயிரத்தின் மேல் மட்டும் இரண்டு கோடு இழுத்தாள். மூன்று தாளிலும் அதே இடத்தில். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புது பில் பாஸானது. அந்த வாரக் கடைசியில் ஆர்டரும் எங்களுக்கே வந்தது. அதோடு ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தார்கள். மருமகள் வாசித்தாள். இனிமேல் மாத பில்லில் சீட்டு நம்பர் ஒன்றுகூட விடுபடக் கூடாது, ரத்தானதும் பட்டியலில் இருக்க வேண்டும். எங்களுக்கென்று எழுதிய வரி அது. கோவிந்தாபுரத்துக்காரருக்கு எழுதியிருக்க மாட்டார்கள்.

அடுத்த புத்தகம் வந்த காலையில் அட்டையில் மஞ்சள் பொட்டு வைத்தேன். முதல் சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். "வண்டி கெளம்போணுங்கம்மா" என்று மகன் வாசலிலிருந்து இரண்டு தடவை குரல் கொடுத்தான். பிள்ளையார் சுழி போட்டேன். தேதி போடச் சொல்லி மருமகளிடம் கொடுத்து வாங்கி, நர்ஸ் ஹாஸ்டல், காய் அறுபது என்று எழுதினேன். இத்தனை சிறிய எண்ணை நான் முதல் தாளில் எழுதியதே இல்லை.

கோப்பில் இருக்கிற பழைய கேள்விக்குறிகளை அழித்துவிட முடியுமா என்று மருமகளைக் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு வந்தாள்.

"பேனாவாம் அத்தே. அழியாதாம். பக்கத்துல 'சாமி'ன்னு எழுதி வச்சிருக்காக."