வீரமணி பார்த்து வைத்த வழி

குருவிநத்தத்தில் வீரமணிக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் கொடுத்த கையோடு கிளம்பிவிட முடியாது. மண்டபத்தின் பெயரைப் படித்ததும் அவன் கைபேசியை எடுத்து வரைபடத்தைத் திறப்பான். வாசலில் எத்தனை படி, பக்கவாட்டில் சாய்தளம் உண்டா, சாப்பாட்டுக் கூடம் கீழா மாடியா என்று படங்களை விரலால் விரித்து விரித்துப் பார்ப்பான். வந்தவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள், வருகிறேன் என்றோ, மனைவி ஜெயசுதாவை மட்டும் அனுப்புகிறேன் என்றோ சொல்லிவிடுவான். "பொண்ணு பாக்கறவன்கூட இப்பிடிப் பாக்கமாட்டான்டா" என்று அவனுடைய சித்தப்பா குழந்தைவேல் கேலி செய்வார்.

அவனுக்கு அந்தப் பழக்கம் ஆசையாக வந்ததல்ல. ஐந்து வருடங்களுக்கு முன்பு, கரும்பு ஏற்றிய டிரெய்லரின் மேலே நின்று கட்டுக் கயிற்றை இறுக்கும்போது அது அறுந்து பின்பக்கமாக விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சக்கர நாற்காலி வந்த முதல் வருடத்தில், போன இடங்களில் பாதி இடத்தில் வாசலோடு திரும்பினான். இன்னொரு பாதியில் நாலு பேர் தூக்கினார்கள். தூக்கியவர்கள் சிரித்துக்கொண்டேதான் தூக்கினார்கள். ஆனாலும் அவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு அந்தரத்தில் தொங்கும்போது, பந்தலில் இருக்கிற எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தன்னைப் பார்ப்பதை அவனால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் முன்கூட்டியே வழியைப் பார்த்துவைக்கத் தொடங்கினான்.

நாளடைவில் அதில் தேர்ந்துவிட்டான். மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் தெரியாது, நீளம்தான் தெரியும் என்பது அவனுக்கு அத்துப்படி. உயரத்துக்குத் தெருவில் நின்று எடுத்த படம் வேண்டும். அதில் பூசாத சுவர் இருந்தால் செங்கல் வரிசையை எண்ணுவான், சுவர் இல்லாவிட்டால் நிறுத்தியிருக்கும் பைக்கின் சக்கரத்தை வைத்துக் கணக்கிடுவான். ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சரிவு இருந்தால்தான் நாற்காலி ஒழுங்காக ஏறும். நம் பக்கத்தில் வாசலுக்கு வாசல் இருக்கிற சரிவெல்லாம் பைக்கை உருட்டி உள்ளே ஏற்றுவதற்காகப் போட்டவை, செங்குத்தாக இருக்கும். படத்தில் சரிவைக் கண்டதும் நம்பிவிடக் கூடாது என்பதை அவன் ஒரு வங்கி வாசலில் மல்லாக்க விழுந்து கற்றுக்கொண்டான். படத்தின் ஓரத்தில் இருக்கும் தேதியையும் பார்ப்பான். கரையாம்புத்தூரில் அபிதா என்று ஒரு பெண், அவளும் நாற்காலியில் இருப்பவள், எங்கேயாவது போகவேண்டுமென்றால் இவனிடம்தான் இடத்தின் பெயரை அனுப்பிக் கேட்பாள்.

ஐப்பசியில் அவன் அப்பா தங்கராசுவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவரைக் கூடத்தில் கட்டிலில் படுக்கவைத்தார்கள். உள்ளறையில் வீரமணி. நடுவில் ஒரு திரைச்சீலைதான். அப்பாவின் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான்.

பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று பேசியது ஒருநாள் அவன் காதில் விழுந்தது. அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பதும் அம்மாவுக்கு இளையவன் வைப்பதும் அவர்கள் குடும்பத்து வழக்கம். மூத்தவன் வீரமணி. கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு பாடைக்கு முன்னால் சுடுகாடு வரைக்கும் போகவேண்டும்.

"அவன் எப்பிடிப்பா வருவான்? ஆத்தங்கரை வரைக்கும் போவணும். சின்னவனே வெச்சிடட்டும்" என்றார் குழந்தைவேல் சித்தப்பா.

அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் வீரமணிக்கு அது உள்ளே போய்த் தைத்தது. அன்றைக்கே வழியைப் பார்க்க ஆரம்பித்தான்.

வரைபடத்தைக் கேட்டால் அது மாரியம்மன் கோயில் தெருவைக் காட்டியது. வழித்துவிட்டதுபோல் சமமான சிமெண்டுத் தெரு. ஆனால் பிணமும் கொள்ளிச்சட்டியும் கோயில் வாசலைக் கடக்கக் கூடாது. ஊர்வலம் பின்பக்கமாகக் கீழத்தெருவைச் சுற்றித்தான் போகும். கீழத்தெருவுக்குள் படமெடுக்கும் வண்டி வந்ததே இல்லை. மேலிருந்து எடுத்த படம் ஒன்றுதான் உண்டு. அதில் தெருவின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று கிடந்தது. மின்கம்பத்தின் நிழல் என்று முதலில் நினைத்தான். மனசு கேட்கவில்லை. தம்பி தமிழ்க்குமரனின் மடிக்கணினியை வாங்கி, அதே இடத்தின் பழைய வருடப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். மாசம் மாறினால் நிழல் நகரும், நீளும், குறுகும். கம்பத்தின் நிழல் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. கோடு மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே அது நிழல் அல்ல, சாக்கடை மேல் தூக்கிப் போட்ட பலகைக்கல்லின் விளிம்பு.

அதை விசாரிக்க அவனுக்குச் சாக்கு கிடைத்தது. பைக் ஓட்டுகிறவர்கள்கூடக் குறை சொல்லும் இடம் அது. உயரம் எவ்வளவு என்று தம்பியைப் பார்த்துவரச் சொன்னான். அரை அடிக்குக் கொஞ்சம் மேலே என்றான் அவன். தகரம் அடித்த இரண்டு நீளப் பலகைகளுக்குச் சொல்லி வீட்டில் வாங்கி வைத்தான். எந்தக் கல்யாணத்துக்குடா இது என்று சித்தப்பா கேட்டார்.

ஆற்றங்கரை ஏற்றத்துக்கும் ஒரு படம் கிடைத்தது. தீர்த்தவாரிக்கு வந்த யாரோ எடுத்துப் போட்டது. டிராக்டர் ஏறுவதற்காகப் போட்ட சிமெண்டுச் சரிவு, மேலே ஒரு பைக் நின்றது. சக்கரத்தை வைத்து அளந்தான். பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் ஏறிவிடலாம்.

மிச்சம் இருந்தது கரைக்கு அந்தப்பக்கம், இறக்கத்திலிருந்து எரிமேடைக் கொட்டகை வரைக்குமான துண்டு வழி. அவன் நடந்த காலத்தில் அது வெறும் மண். இப்போது படத்தில் சாம்பல் நிறத்தில், ஓரம் வெட்டினாற்போல் நேராகத் தெரிந்தது. அங்கே சிமெண்டு ரோடு போடப்போவதாக நாலு வருடமாகவே பேச்சு இருந்தது. போட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டான்.

அதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. கட்டிலில் ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போது சுடுகாட்டு வழி எப்படி இருக்கிறது என்று எந்த மகனும் கேட்கமாட்டான். தம்பியிடமாவது கேட்கலாம் என்று இரண்டுமுறை வாயைத் திறந்தான். இரண்டுமுறையும் திரைச்சீலைக்கு அப்பால் அப்பா இருமினார்.

ஒருநாள் கஞ்சி கொண்டுவந்த ஜெயசுதா கைபேசியை எட்டிப் பார்த்தாள். கொட்டகையின் தகரக் கூரை திரை முழுக்கத் தெரிந்தது. அவள் அதை வாங்கிக் குப்புறக் கவிழ்த்தாள்.

"மாமா இன்னும் உயிரோட இருக்காருய்யா" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு இத்தப் பாக்கற?"

கஞ்சி ஆறியது. அவளும் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் பலகைகளை மழையில் நனையாமல் எடுத்து உள்ளே சார்த்தியவள் அவள்தான்.

கார்த்திகை முதல் வாரம் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் வெயில் அடித்தது, அப்பா போய்விட்டார்.

பிற்பகலில் எடுத்தார்கள். வீரமணி ஈர வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்து, உறியில் தொங்கிய சட்டியை வலது கையில் பிடித்துக்கொண்டான். தம்பி பின்னாலிருந்து தள்ளினான். நானே வைக்கிறேன், வழி பார்த்துவிட்டேன் என்று வீரமணி காலையில் சொன்னபோது சித்தப்பா சரியென்று தலையை ஆட்டியிருந்தார். மேளம் முன்னே போனது. பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். கீழத்தெருச் சாக்கடையில் பலகைகளைப் போட்டார்கள், நாற்காலி ஒரு குலுக்கலோடு ஏறி இறங்கியது. "பரவால்லப்பா, இஞ்சினியரு" என்றார் யாரோ. கரைச் சரிவிலும் அவன் கணக்கு தப்பவில்லை. மேலே போய் நின்றபோது கொட்டகையும் அடுக்கிய கட்டைகளும் தெரிந்தன. கூப்பிடு தூரம்தான்.

இறக்கத்தில் சிமெண்டு முடிந்த இடத்தில் நாற்காலியின் முன்சக்கரங்கள் இரண்டும் புதைந்தன.

சாம்பல் நிறமாகத் தெரிந்தது சிமெண்டு அல்ல. கருங்கல் உடைத்த கிரஷர் பவுடரைக் கொட்டிச் சமன் செய்துவிட்டு, ரோடு போடாமல் விட்டிருந்தார்கள். காய்ந்து கிடந்தால் மேலிருந்து பார்க்கிறவனுக்குச் சிமெண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மழையில் அது அடியிலிருந்த வண்டலோடு கலந்து குழம்பாகியிருந்தது. மேகம் மூடிய நாளில் எடுத்த படத்தை வரைபடத்தில் வைக்கமாட்டார்கள். தெளிவாக விழுந்ததைத்தான் வைப்பார்கள். எத்தனை வருடப் படங்களைத் தேடிப் பார்த்திருந்தாலும் அவன் காய்ந்து கிடந்த நாளைத்தான் பார்த்திருப்பான். அது அவனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. இதே ஆற்றங்கரை நிலத்தில் நாற்று நட்டவன் அவன்.

தம்பி பின்னால் இழுத்துப் பார்த்தான். பலகைகளை முன்னால் போட்டார்கள், அவையும் அமிழ்ந்தன. பாடை தூக்கியவர்கள் பின்னால் இறக்கத்தில் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பையன்கள், தூக்கிவிடலாம் என்று நாற்காலியின் கையில் கைவைத்தார்கள்.

"வேணாம்பா" என்றார் குழந்தைவேல். "பாடை போற வழியில உசுரோட இருக்கறவன தோள்ல தூக்கினு போறதா? நல்லா இல்ல."

பையன்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். மேளம் நின்றிருந்தது. சட்டியிலிருந்து புகை வீரமணியின் முகத்தில் அடித்தது. இறங்கித் தவழ்ந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். சட்டியைப் பிடித்துக்கொண்டு தவழ முடியாது.

சித்தப்பா அவன் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பொழுது எறங்குதுடா. அண்ணன எவ்ளோ நேரம் நிக்க வெக்கறது? அவங்கிட்ட குடுத்துடு."

தமிழ்க்குமரன் முன்னால் வந்து நின்றான். கையை நீட்டவில்லை. "நீ சொன்னாதான் வாங்குவேன்ணே" என்றான்.

"நான் ஒருதரம் உன்ன பாத்துட்டு வரச் சொல்லியிருக்கணும்டா" என்றான் வீரமணி. உறியை அவன் கையில் மாட்டினான்.

மேளம் மறுபடி தொடங்கியது. பாடை அவனைத் தாண்டிப் போனபோது அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவன் முகத்துக்கு நேராக வந்தது. எட்டித் தொடப் பார்த்தான். அதற்குள் கடந்துவிட்டது. துணைக்கு இருப்பதாகச் சொல்லிப் பக்கத்தில் நின்ற ஒரு பையனையும் கட்டை எடுத்துக் கொடுக்கக் கூப்பிட்டார்கள், அவனும் போனான். நாற்காலி திரும்பவில்லை. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் தள்ளினான். கை வழுக்கியதுதான் மிச்சம்.

கொட்டகைக்குள் தம்பி சுற்றி வருவதும், ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் துளை போடுவதும், குடம் உடைவதும் ஆள் நடுவே துண்டு துண்டாகத் தெரிந்தது. தீ வைத்தது தெரியவில்லை. புகை வந்த பிறகுதான் வைத்துவிட்டான் என்று தெரிந்தது.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். தமிழ்க்குமரன் தலையைக் குனிந்து சேற்றைப் பார்த்தபடி வந்தான். அவனுக்குப் பின்னால் வந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பிடுங்கித் திருப்ப ஆள் கூடும்வரை, எரியும் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தவன் வீரமணி ஒருவன்தான்.